20 முதல் 25 வரை அனுமதி கொடுத்தேன். 22 உள்ளே போகவில்லை, 17 போகிறது

பருப்புமண்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் பயின்நாங் சந்தைப் பக்கம் உளுந்து, துவரை ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் கணினி வேலை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். சிஸ்கோ ரவுட்டர் ஒன்றே ஒன்றுதான். அலுவலகத்துக்கும் ஐந்து கிடங்குகளுக்கும் தனித்தனி நெட்வொர்க், 192.168.20.0 தொடங்கி 192.168.25.0 வரை. கேமராக்கள் 16இல், வந்துபோகும் தரகர்களுக்கான வைஃபை 17இல். கணக்கு சர்வர் 192.168.40.10. அது ரவுட்டரின் இன்னொரு வாசலில், Gi0/1இல் இருக்கிறது.

கணக்கு சர்வரை 20 முதல் 25 வரை உள்ளவர்கள் மட்டும் தொட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. 25இலிருந்து 20 போனால் 5 என்று கணக்குப் போட்டு இப்படி எழுதினேன்:

```
access-list 10 permit 192.168.20.0 0.0.5.255
interface GigabitEthernet0/1
 ip access-group 10 out
```

20உம் 21உம் சரியாக வேலை செய்கின்றன. 22, 23, 24, 25 நான்கிலும் சர்வர் திறக்கவே இல்லை. ஆனால் ரவுட்டரில் உட்கார்ந்து சர்வரை பிங் செய்தால் பதில் வருகிறது. `ping 192.168.40.10 source 192.168.22.1` என்று கொடுத்தாலும் வருகிறது. அதனால் கிடங்குப் பக்கம்தான் கோளாறு என்று நினைத்து, 22க்குப் போகும் கேபிளையே புதிதாக இழுத்துவிட்டேன். பலனில்லை.

நேற்று மாலை தரகர் ஒருவரின் கைப்பேசியில், 17 வைஃபையில், கணக்கு சர்வரின் நுழைவுப் பக்கம் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். இரவு தூக்கம் வரவில்லை. யாராவது சொல்லுங்கள்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

அக்கா, வைல்ட்கார்டு மாஸ்க் என்பது சப்நெட் மாஸ்க்கைத் தலைகீழாக்கியது. 255இலிருந்து கழித்தால் வருவது. அந்த வழியில் 1, 3, 7, 15, 31 இப்படித்தான் வரும். 5 என்று ஒன்று வரவே வராது. ரவுட்டர் அதை ஏற்காமல் ஏதோ பாதியைச் செய்கிறது. ஆறு நெட்வொர்க்குக்கு எட்டு கொள்ளும் மாஸ்க் வேண்டும், அது 7. `192.168.20.0 0.0.7.255` போடுங்கள். 20 முதல் 27 வரை எல்லாம் உள்ளே வந்துவிடும்.

---

தட்டோன்காரன் எழுதியது:

எனக்கும் இதே அனுபவம் உண்டு. முன்பு ஏ.எஸ்.ஏ. ஃபயர்வாலில்தான் வேலை. அதில் அக்சஸ் லிஸ்ட்டுக்குள் சாதாரண சப்நெட் மாஸ்க்கைத்தான் எழுதுவோம், 255.255.255.0 என்று. அந்தக் கைப்பழக்கத்தில் ரவுட்டரிலும் `access-list 5 permit 192.168.3.0 255.255.255.0` என்று அடித்துவிட்டேன். ஒரு பிழையும் காட்டவில்லை, வாங்கிக்கொண்டது. அடுத்த நொடி அலுவலகம் முழுக்க நின்றுபோனது. ரவுட்டர் அதை முதல் மூன்று எண்களைப் பார்க்காதே, கடைசி எண் 0 ஆக இருந்தால் மட்டும் விடு என்று படிக்கிறது. கடைசி எண் 0 உள்ள கணினி எங்கே இருக்கிறது? நீங்களும் மாஸ்க்கை நேராக எழுதியிருப்பீர்கள், மாற்றிப் பாருங்கள்.

---

கம்பிவலை எழுதியது:

தட்டோன் தம்பி சொன்னது உண்மையான கோளாறுதான், ஆனால் இவர் செய்தது அதில்லை. மாஸ்க் சரியான திசையில்தான் இருக்கிறது, எண் மட்டும் தப்பு. 7 போடும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள் அம்மா. `show access-lists 10` கொடுத்து, வருவதை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

---

பருப்புமண்டி எழுதியது:

```
Standard IP access list 10
    10 permit 192.168.16.0, wildcard bits 0.0.5.255 (2318 matches)
```

நான் அடித்தது 20 ஐயா. இது எப்படி 16 ஆனது? வேறு யாரும் ரவுட்டரைத் தொடுவதில்லை.

---

கம்பிவலை எழுதியது:

யாரும் தொடவில்லை. ரவுட்டரே மாற்றி எழுதிக்கொண்டது. கோளாறு முழுவதும் அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

வைல்ட்கார்டு மாஸ்க்கை எத்தனை நெட்வொர்க் என்ற எண்ணிக்கையாகப் படிக்காதீர்கள். ரவுட்டர் அதை பிட் பிட்டாகப் படிக்கிறது. 0 இருக்கும் இடத்தில் முகவரி அச்சாக ஒத்துப்போக வேண்டும், 1 இருக்கும் இடத்தில் என்ன இருந்தாலும் கவலையில்லை. மூன்றாவது எண்ணை மட்டும் விரித்துப் பாருங்கள்:

```
20  00010100
 5  00000101
```

5இல் இரண்டு இடத்தில் 1 இருக்கிறது. ஒன்று கடைசி பிட், அதன் மதிப்பு 1. இன்னொன்று மூன்றாவது பிட், மதிப்பு 4. இந்த இரண்டையும் பார்க்காதே என்று ரவுட்டரிடம் சொல்லிவிட்டீர்கள். 20 என்பது 16உம் 4உம். அந்த 4ஐப் பார்க்கவே போவதில்லை என்பதால், சேமிக்கும்போதே ரவுட்டர் அதைப் பூஜ்யமாக்கிவிட்டது. மிச்சம் 16. திரையில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இப்போது எவையெல்லாம் பொருந்தும்? 16 நிச்சயம் இருக்க வேண்டும், 4உம் 1உம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஆக 16, 17, 20, 21. இந்த நான்கு மட்டும். 22இல் மதிப்பு 2 உள்ள பிட் இருக்கிறது, அது பார்க்கப்படும் பிட், ஒத்துப்போகாது. 23உம் அப்படியே. 24, 25இல் மதிப்பு 8 உள்ள பிட் இருக்கிறது, அதனால் அவையும் வெளியே. தரகர் வைஃபை 17 ஏன் உள்ளே வந்தது என்பதற்கும், 22 ஏன் நின்றது என்பதற்கும் ஒரே காரணம்தான். கேமராக்களும் இத்தனை நாள் சர்வரைத் தொட முடிந்திருக்கும்.

மூன்றாம்மாடி தம்பிக்கு: ரவுட்டர் 5ஐ ஏற்காமல் இல்லை. ஏற்றுக்கொண்டு, சொன்னபடி செய்தது. இடைவெளி விட்ட பிட்டுகளும் செல்லும். இரட்டைப்படை நெட்வொர்க்குகளை மட்டும் பிடிக்க 0.0.254.255 என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் சொன்ன 20உடன் 7ஐச் சேர்த்தால் 4, 2, 1 மூன்று பிட்டும் போய்விடும், மறுபடி 16தான் மிஞ்சும். 16 முதல் 23 வரை திறக்கும். தரகர்கள் உள்ளேயே இருப்பார்கள், 24உம் 25உம் வெளியேயே நிற்கும்.

எட்டு கொள்ளும் கட்டு என்றால் அது எட்டால் வகுபடும் எண்ணில்தான் தொடங்க முடியும். நான்கு கொள்ளும் கட்டு நான்கால் வகுபடும் எண்ணில். 20 நான்கால் வகுபடும், எட்டால் வகுபடாது. அதனால் 20 முதல் 23 வரை ஒரு கட்டு, மாஸ்க் 3. மிஞ்சிய 24, 25 இன்னொரு கட்டு, மாஸ்க் 1.

```
ip access-list standard 10
 20 permit 192.168.20.0 0.0.3.255
 30 permit 192.168.24.0 0.0.1.255
 no 10
 40 deny any log
```

இந்த வரிசையிலேயே அடியுங்கள். புதிய இரண்டையும் சேர்த்த பிறகே பழைய 10ஆம் வரியை எடுக்கிறோம். வெளியில் நின்று `no access-list 10 permit ...` என்று அடித்தால் அந்த ஒரு வரி மட்டும் போகாது, பட்டியல் முழுதும் போய்விடும். கடைசி வரி புதிதாக எதையும் தடுக்கவில்லை. பட்டியலின் முடிவில் கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் தடை எப்போதும் உண்டு. ஆனால் அது எத்தனை பேரைத் தடுத்தது என்ற எண்ணிக்கை எங்கும் வராது. நாமே எழுதினால் வரும், யார் தடுக்கப்பட்டார் என்பதும் லாக்கில் வரும். ஓரிரு நாள் பார்த்துவிட்டு `log` என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், போக்குவரத்து அதிகமானால் ரவுட்டரின் சிபியுவை அது தின்னும்.

இன்னொன்று. உங்களைக் கேபிள் இழுக்க வைத்தது அந்த பிங். வெளியே போகும் திசையில் மாட்டிய அக்சஸ் லிஸ்ட், ரவுட்டர் தானே உருவாக்கும் பாக்கெட்டைச் சோதிக்காது. source என்று 22.1 கொடுத்தாலும் அது ரவுட்டரின் சொந்தப் பாக்கெட்தான். சோதனையைக் கிடங்கில் உள்ள ஒரு கணினியிலிருந்துதான் செய்ய வேண்டும்.

---

மூன்றாம்மாடி எழுதியது:

சரி அண்ணே, 20ஐ எட்டால் வகுக்க மறந்துவிட்டேன். ஆனால் எனக்கு ஒரு யோசனை. முதலில் 16ஐயும் 17ஐயும் deny போட்டுவிட்டு, அடுத்து `permit 192.168.16.0 0.0.15.255` என்று 31 வரை திறந்துவிட்டால் என்ன? நாளைக்குப் புது கிடங்கு வந்தாலும் பட்டியலைத் தொட வேண்டியதில்லை.

---

கம்பிவலை எழுதியது:

வேலை செய்யும். மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்தும் வரியோடு ரவுட்டர் நின்றுவிடும் என்பதால், deny மேலே இருக்கும் வரை சரி. ஆனால் நாளைக்கு 28இல் காவலாளி அறைக்கு ஒரு வைஃபை போட்டால், யாரும் அனுமதி கொடுக்காமலே அது கணக்கு சர்வருக்குள் போகும். எனக்கு அது ஒப்பவில்லை.

---

இரவுப்பணி எழுதியது:

நான் இரண்டுக்கும் எதிர்க்கட்சி. ஆறு நெட்வொர்க்குக்கு ஆறு வரி, எல்லாவற்றுக்கும் 0.0.0.255 என்று எழுதிவிடுவேன். இரவு இரண்டு மணிக்கு யாரோ திறந்து பார்க்கும்போது, கிடங்கு 23க்கு அனுமதி உண்டா என்று பிட் பிரித்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஆறு வரியால் ரவுட்டருக்கு ஒரு பாரமும் இல்லை.

அப்புறம் அக்கா, மாற்றி முடித்ததும் `write memory` அடிக்க மறக்காதீர்கள். போன வெயில் காலத்தில் நான் ஒரு பட்டியலைத் திருத்தி, எல்லாம் நன்றாக ஓடுகிறதே என்று சேமிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். இரவில் மின்சாரம் போனது, ஜெனரேட்டர் எடுக்கத் தாமதம். காலையில் ரவுட்டர் பழைய தப்பான பட்டியலோடு எழுந்திருந்தது. நான் திருத்தவே இல்லை என்று மேலாளர் நினைத்துவிட்டார். அது எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

---

கம்பிவலை எழுதியது:

ஆறு வரி வாதத்தில் நியாயம் இருக்கிறது. நான் இரண்டு வரிதான் எழுதுவேன், ஆனால் ஆறு எழுதியவரைத் திருத்தச் சொல்ல மாட்டேன்.

---

பருப்புமண்டி எழுதியது:

இரண்டு வரி முறையில் மாற்றிவிட்டேன், சேமித்தும் விட்டேன். 22இல் இருக்கும் கணக்குப்பிள்ளை தம்பி உடனே கூப்பிட்டு, அக்கா திறந்துவிட்டது என்றார். கேபிளை மாற்றியபோது அவர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது வேறு சிக்கல். அன்றன்றைய விலைப்பட்டியல் பக்கம் 192.168.40.20இல் இருக்கிறது. தரகர்கள் வைஃபையில் அதைத்தான் பார்ப்பார்கள். காலையிலிருந்து அது யாருக்கும் திறக்கவில்லை. லாக்கில் இப்படி வருகிறது:

```
%SEC-6-IPACCESSLOGS: list 10 denied 192.168.17.34 1 packet
```

இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். இந்தப் பட்டியலை மாட்டிய நாளிலிருந்து கணக்கு சர்வரில் வைரஸ் தடுப்பு மென்பொருள் புதுப்பிக்கப்படவே இல்லை, ஒன்பது நாள் ஆகிறது. சர்வரின் கடிகாரமும் நான்கு நிமிடம் தள்ளி ஓடுகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

---

கம்பிவலை எழுதியது:

எல்லாமே சம்பந்தப்பட்டதுதான்.

அந்த லாக் வரியை இன்னொரு முறை பாருங்கள். 17.34 தடுக்கப்பட்டது என்று இருக்கிறது. எங்கே போக முயன்றது என்று இல்லை. ஸ்டாண்டர்ட் பட்டியலுக்கு அது தெரியாது. புறப்பட்ட முகவரியை மட்டும் பார்க்கும். விலைப்பட்டியலுக்குப் போகலாம், கணக்குக்குப் போகக் கூடாது என்று அதில் சொல்லவே முடியாது. முன்பு விலைப் பக்கம் திறந்தது, 17 தவறுதலாக உள்ளே வந்துகொண்டிருந்ததால்தான். ஆக உங்களுக்கு எக்ஸ்டெண்டட் தேவை.

புதுப்பிப்பு நின்றதற்குக் காரணம் பதில் வரும் பாதை. சர்வர் இணையத்தில் யாரையோ கேட்கிறது. கேள்வி Gi0/1 வழியாக ரவுட்டருக்குள் வருகிறது, அந்தத் திசையில் காவல் இல்லை. பதில் திரும்பும்போது Gi0/1 வழியாக வெளியே போகிறது, அங்கே உங்கள் பட்டியல் நிற்கிறது. பதிலின் புறப்பட்ட முகவரி இணையத்தில் உள்ள ஏதோ ஒன்று, 20 முதல் 25க்குள் இல்லை. அங்கேயே கீழே போட்டுவிடுகிறது. கடிகாரத்துக்கும் அதே கதை.

```
ip access-list extended KANAKKU
 permit tcp 192.168.20.0 0.0.3.255 host 192.168.40.10 eq 443
 permit tcp 192.168.24.0 0.0.1.255 host 192.168.40.10 eq 443
 permit tcp any host 192.168.40.20 eq 80
 permit tcp any host 192.168.40.10 established
 deny ip any any log
interface GigabitEthernet0/1
 ip access-group KANAKKU out
```

443உம் 80உம் என் ஊகம், உங்கள் சர்வர்கள் எந்தப் போர்ட்டில் கேட்கின்றன என்று பார்த்து மாற்றுங்கள். `ip access-group` புதிதாக அடித்தாலே பழைய 10இன் இடத்தில் இது உட்கார்ந்துவிடும், ஒரு இன்டர்ஃபேஸில் ஒரு திசைக்கு ஒன்றுதான். established வரி, ஏற்கெனவே தொடங்கிய டிசிபி உரையாடலின் பாக்கெட்டை மட்டும் விடும். வெளியிலிருந்து புதிதாகத் தொடங்குவதை விடாது. ஆனால் அது பார்ப்பது பாக்கெட்டில் ஏசிகே அல்லது ஆர்எஸ்டி கொடி இருக்கிறதா என்பதை மட்டுமே. உண்மையில் சர்வர் கேட்டதா என்று அதற்கு நினைவில்லை. கொடியைப் பொய்யாக வைத்து அனுப்பினால் நுழையும்.

கடிகாரம் யுடிபி, அதற்குக் கொடியே கிடையாது. ரவுட்டரை வெளியே உள்ள நேர சர்வரோடு சேர்த்துவிட்டு, கணக்கு சர்வரை ரவுட்டரிடம் நேரம் கேட்கச் சொல்லுங்கள். ரவுட்டர் தரும் பதில் அதன் சொந்தப் பாக்கெட், பட்டியல் தொடாது. உங்களைக் கேபிள் மாற்ற வைத்த அதே குணம் இங்கே உதவுகிறது.

---

மூன்றாம்மாடி எழுதியது:

எக்ஸ்டெண்டட் பட்டியலைப் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டு, ஸ்டாண்டர்டைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டு என்றுதான் வகுப்பில் படித்தேன். நீங்கள் இதையும் சர்வர் பக்கமே மாட்டுகிறீர்களே அண்ணே?

---

கம்பிவலை எழுதியது:

அந்த விதியின் நோக்கம், எப்படியும் தடுக்கப்படப் போகும் பாக்கெட் நீண்ட லைனில் வீணாகப் பயணம் செய்யக் கூடாது என்பது. மோல்மேனில் கிளை இருந்து அங்கிருந்து வாடகை லைன் வந்தால், அந்தப் பக்க ரவுட்டரில்தான் மாட்டுவேன். இங்கே ஒரே ரவுட்டர். புறப்படும் பக்கம் என்றால் எட்டு இன்டர்ஃபேஸ், எட்டிலும் இணையத்துக்கு வழி விட்டு எழுத வேண்டும். ஒரு இடத்தில் காவல் போதும்.

---

இரவுப்பணி எழுதியது:

போதாது அண்ணே. சர்வர் வாசலை மட்டும் காக்கிறோம். 17இல் உட்கார்ந்திருக்கும் தரகர் 20இல் உள்ள அலுவலகக் கணினியைத் தொட்டால் யார் தடுப்பது? அந்தப் பாக்கெட் Gi0/1 பக்கமே வராது. 17இன் உள்வாசலில் ஒரு பட்டியல் கட்டாயம் வேண்டும்.

---

கம்பிவலை எழுதியது:

அது சரிதான். அக்கேள்விக்குள் மட்டும் நான் நின்றுவிட்டேன். 17க்கு `in` திசையில் ஒன்று வேண்டும். ஆனால் `deny ip any 192.168.0.0 0.0.255.255` என்று முதல் வரியிலேயே போட்டுவிடாதீர்கள். 17.1 என்ற ரவுட்டர் முகவரியும் அதற்குள் இருக்கிறது. பெயர் தேடுவதை ரவுட்டரிடம் கேட்பதாக இருந்தால் அதற்கும், விலைப்பட்டியலுக்கும் முதலில் permit எழுதிவிட்டுத்தான் இதை எழுத வேண்டும். கேமராக்களுக்கு என்ன செய்வது என்பது, பதிவுப் பெட்டி எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

---

பருப்புமண்டி எழுதியது:

பதிவுப் பெட்டி 21இல் இருக்கிறது ஐயா. அதை வரைந்து வைத்துக்கொண்டு அடுத்த வாரம் 16ஐயும் 17ஐயும் எடுக்கிறேன். அதுவரை தரகர் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றி வைத்துவிட்டேன்.

KANAKKU மாட்டி ஒரு மணி நேரம் ஆகிறது. வைரஸ் தடுப்பு புதுப்பித்துக்கொண்டது. விலைப் பக்கம் தரகர்களுக்குத் திறக்கிறது. கிடங்கு 25இலிருந்து கணக்குப் பக்கம் திறக்கிறது. அங்கே இருக்கும் கணினியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். என் கைப்பேசியை 17இல் சேர்த்துக் கணக்குப் பக்கத்தை அழைத்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது. ரவுட்டரில் இந்த வரி:

```
%SEC-6-IPACCESSLOGP: list KANAKKU denied tcp 192.168.17.52(51544) -> 192.168.40.10(443), 1 packet
```

இப்போது எங்கே போக முயன்றது என்பதும் தெரிகிறது.